இரண்டாம் சேனலில் இரைச்சல்

"நீங்க அனுப்பின பொருள் சரியில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுங்க!"

கேளம்பாக்கத்தில் வீணை சொல்லித்தரும் ஓர் ஆசிரியை, ஆன்லைன் விற்பனையாளருக்கு முதலில் எழுதிய புகார் இவ்வளவுதான். பதிலும் அதே அளவில் வந்தது. "கேபிளோ கரன்ட்டோ பிரச்னையா இருக்கும் மேடம். ஏழு நாள் ரிட்டர்ன் டைமும் முடிஞ்சுடுச்சு."

அவர் வாங்கியது இரண்டு மைக் செருகக்கூடிய ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக்கிலிருந்து வருவது மிக மெல்லிய மின்சாரம். அதைச் சில நூறு மடங்கு பெருக்கித் தருவது ப்ரீஆம்ப். சேனலுக்கு ஒன்று உண்டு. வெளியூர் மாணவிகளுக்குப் பாடம் பதிவுசெய்து அனுப்பிய முதல் மூன்று வாரமும் குரலுக்கான ஒன்றாம் சேனலே போதுமாக இருந்தது. 23-ஆம் நாள் வீணைக்கு இன்னொரு மைக்கை இரண்டாம் சேனலில் செருகியபோதுதான், தந்தி ஓய்ந்த இடங்களில் எல்லாம் 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல் கேட்டது. ஏழு நாள் எப்போதோ போயிருந்தது.

கேபிள் என்று விற்பனையாளர் சொன்னதில் தப்பில்லை. இப்படி வரும் இரைச்சலுக்குப் பல நேரம் கேபிள்தான் காரணம். அது கேபிள் இல்லை என்று காட்ட வேண்டியது வாங்கியவர் பொறுப்பு. ஆசிரியை அன்றிரவே உட்கார்ந்தார்.

தெருவும் அபார்ட்மென்ட் ஜெனரேட்டரும் அடங்கிய நேரம். ஃபேனை நிறுத்தி, மைக்கை ரஜாயில் சுற்றி வைத்தார். 48 வோல்ட் மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக்கையே எடுத்துக்கொண்டார். அந்த 48 வோல்ட்டில் கோளாறு இருந்தாலும் இரைச்சல் வரும் என்பதால், அந்தச் சந்தேகமும் வேண்டாம் என்றுதான். சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினார். அதே மைக், அதே கேபிள். ஒன்றாம் சேனலில் ஒரு நிமிடம், இரண்டாம் சேனலில் ஒரு நிமிடம், வெறும் நிசப்தத்தைப் பதிவுசெய்தார்.

கெயின் குமிழ் இரண்டிலும் மூன்று மணி முள் இருக்கும் இடத்தில். ஒன்றாம் சேனலில் இரைச்சல் மைனஸ் 75 டெசிபல், இரண்டில் மைனஸ் 49. மைனஸ் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க இரைச்சல் அதிகம் என்று அர்த்தம். 26 டெசிபல் வித்தியாசம் என்றால் சிக்னல் அளவில் கிட்டத்தட்ட 20 மடங்கு!

அடுத்து அவர் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். இரண்டு குமிழையும் அடிமட்டத்துக்குக் குறைத்து மறுபடி பதிவுசெய்தார். இப்போது இரண்டும் ஒரே அளவு. குமிழைத் திருப்பத் திருப்ப இரண்டாம் சேனல் மட்டும் தனியாக ஏறியது. ஒலியை எண்ணாக மாற்றும் பகுதியில் பழுது இருந்தால், குமிழ் கீழே இருந்தாலும் இரைச்சல் காட்டியிருக்கும். ஆக, கோளாறு ப்ரீஆம்ப்பில்தான். வேறொரு லேப்டாப்பில் செருகியும் பார்த்துவிட்டார். முடிவு மாறவில்லை.

இரண்டாவது கடிதத்தில் கோபம் இல்லை. தளத்தில் குறிப்பிட்டிருந்த குறைதீர் அலுவலருக்கே அனுப்பினார்.

"ஐயா, பில் எண்ணும் கருவியின் சீரியல் எண்ணும் மேலே உள்ளன. இரண்டாம் சேனலின் ப்ரீஆம்ப் பழுதாக உள்ளது. ஒரே மைக், ஒரே கேபிள், ஒரே கெயினில் எடுத்த நான்கு பதிவுகளை இணைத்துள்ளேன். கேபிள், சார்ஜர், கம்ப்யூட்டர் மூன்றையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். நான் கேட்பது மனம் மாறித் திருப்பித் தரும் ரிட்டர்ன் அல்ல. குறையுள்ள பொருளுக்கு மாற்றுப் பொருள் கேட்கிறேன். இல்லையேல் முழுப் பணம் தரவும்."

அந்தக் கடைசி வரிகளில் விஷயம் இருக்கிறது. ஏழு நாள் என்பது கடையின் ஏற்பாடு. 2020-இன் மின்வணிக விதிகளோ, பொருள் குறையுள்ளதாக இருந்தால் திரும்பப் பெறவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் குறைதீர் அலுவலர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

விற்பனையாளர் விடவில்லை. "நீங்க தொழிலுக்கு வாங்கியிருக்கீங்க. நுகர்வோர் சட்டம் பொருந்தாது" என்றார். பாதி உண்மை. வணிக நோக்கத்துக்கு வாங்குபவரைச் சட்டம் விலக்குகிறது. ஆனால் சுயதொழில் செய்து, அதில் பிழைக்க மட்டுமே வாங்குபவர், 2019 சட்டப்படியும் நுகர்வோர்தான். இதை ஆசிரியை ஒரே வரியில் எழுதினார். பேச்சு முறிந்தால் 1915 என்ற உதவி எண், அதற்கும் மேலே செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்றும் சேர்த்துக்கொண்டார். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பழுது தெரிந்ததிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

அவ்வளவு தூரம் போகவில்லை. கூரியர் பையன் வந்து பழைய பெட்டியை எடுத்துப்போனான். ஒன்பதாம் நாள் புதுசு வந்தது. ஆசிரியை மைக்கை முதலில் செருகியது இரண்டாம் சேனலில்.