நகத்துக்கு மாத்திரை, நாவுக்கு விலை

மும்பை மாட்டுங்காவில் உணவு விடுதி ஒன்றில் முப்பது ஆண்டுகளாகச் சமையல் பணியில் இருப்பவர் அவர். வயது 52. ஈரத்தரையில் நின்றே கழிந்த வாழ்க்கையில் கால்விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் வருவதும் போவதுமாக இருந்தது. அதற்கு மருந்துக் கடையில் வாங்கிய களிம்பைப் பூசினால் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஆனால் வலது பெருவிரலின் நகம் மட்டும் மஞ்சளித்து, தடித்து, நுனியில் சுண்ணாம்புபோல் பொடிந்துகொண்டே இருந்தது. அதே களிம்பை இரண்டு ஆண்டுகள் நாள் தவறாமல் தடவியும் பயனில்லை. மருந்து போலியோ என்று அவர் ஐயுற்றார். மருந்து நல்ல மருந்துதான். சென்று சேரவேண்டிய இடத்துக்கு அது சேரவில்லை.

தோலில் பூஞ்சை குடியிருப்பது மேலுள்ள மெல்லிய இறந்த அடுக்கில். களிம்பு அங்கே எளிதில் ஊறும். நகத்தில் நிலைமை வேறு. பூஞ்சை பெரும்பாலும் நகத்தட்டின் அடிப்பக்கத்திலும் அதன் கீழுள்ள நகப்படுகையிலும் இருக்கிறது. மேலே கெட்டியான கெரட்டின் கூரை. அந்தக் கூரையைத் துளைத்து இறங்கும் களிம்பின் அளவு மிகச் சொற்பம். அமொரோல்ஃபின் போன்ற நகப்பூச்சு மருந்துகள் சற்றுக் கூடுதலாக இறங்கும். நகத்தின் நுனிப்பகுதி மட்டும் கெட்டு, வேர் தப்பியிருந்தால் அவற்றை முயன்று பார்க்கலாம். சமையற்காரரின் நகமோ முக்கால் பங்கு கெட்டிருந்தது.

டெர்பினாபைன் மாத்திரை கீழிருந்து வருகிறது. குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியே நகப்படுகைக்கும் நகம் பிறக்கும் வேருக்கும் செல்கிறது. கொழுப்பிலும் கெரட்டினிலும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையதாதலால், புதிதாக வளரும் நகத்திலேயே கலந்து வளர்கிறது. பூஞ்சை தன் செல்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் என்னும் பொருளைச் செய்துகொள்ளும் பாதையில் ஒரு நொதியை அது அடைக்கிறது. சவ்வுக்கு வேண்டிய பொருள் குறைகிறது. பாதி வழியில் தேங்கிய ஸ்குவாலின் உள்ளே குவிந்து பூஞ்சையைக் கொல்கிறது. களிம்பில் இருப்பதும் இதே மருந்தாக இருக்கலாம். வேறுபாடு வந்து சேரும் வழியில் மட்டுமே.

மருத்துவர் உடனே மாத்திரை எழுதவில்லை. உருக்குலைந்த நகங்களில் ஏறத்தாழ பாதிதான் பூஞ்சையால் வருபவை. சோரியாசிஸும், இறுக்கமான காலணியின் ஓயாத அழுத்தமும் அதே தோற்றத்தைத் தரும். எனவே நகத்தைச் சாராயத்தால் துடைத்து, கெட்ட பகுதியை வெட்டி, நல்ல நகத்தோடு சேரும் எல்லையின் அடியிலிருந்து பொடியைச் சுரண்டி எடுத்தார்கள். நுனியிலுள்ள பொடியில் பூஞ்சை பெரும்பாலும் செத்துக் கிடக்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறிய பின், நுண்ணோக்கியில் கிளைத்த இழைகள் தெரிந்தன. இந்தச் சோதனை இல்லாமல் மூன்று மாதம் மாத்திரை விழுங்குவது இருட்டில் கல்லெறிவதுதான். நம் ஊர்களில் அது சாதாரணமாக நடக்கிறது.

அடுத்தது கல்லீரல். இம்மருந்தைச் சிதைப்பது பெரும்பாலும் கல்லீரலே; நாள்பட்ட கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இது தவிர்க்கப்படுகிறது. அவருடைய எஸ்ஜிபிடி அளவு 58. அந்த ஆய்வகத்தின் மேல்வரம்பு 40. மஞ்சள் காமாலை வைரஸ்களான பி, சி இரண்டும் இல்லை. ஸ்கேனில் கொழுப்பு படிந்த கல்லீரல் தெரிந்தது. துருவிக் கேட்டபோது, வாரக் கடைசியில் குடிப்பதையும், சர்க்கரைக்கென்று யாரோ கொடுத்த லேகியத்தையும் ஒப்புக்கொண்டார். இரண்டையும் நிறுத்தச் சொல்லி ஒரு மாதம் கழித்துப் பார்த்ததில் 41. அதன் பிறகே நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் தொடங்கியது. கால் நகத்துக்கு வழக்கமான காலம் 12 வாரம். கை நகத்துக்கு 6 வாரம்.

இடையில் எத்தனை முறை சோதிப்பது என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இம்மருந்தால் வரும் கடுமையான கல்லீரல் பாதிப்பு மிக அரிது. அது வரும்போது பெரும்பாலும் முதல் ஆறு வாரங்களில், முன்னறிவிப்பில்லாமல் வருகிறது; அளவு மிகுந்ததால் வருவதும் அன்று. ஒரு வாரம் சரியாக இருந்த எண் அடுத்த வாரத்துக்கு உறுதி தராது. ஆரோக்கியமானவர்களுக்குத் தொடக்கச் சோதனை போதும் என்று பலர் சொல்வது இதனால்தான். இவருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருந்ததால் ஆறாம் வாரத்தில் மறுபடி பார்த்தார்கள்: 52. வரம்பின் மூன்று மடங்கை எட்டினால் நிறுத்துவது வழக்கம். இது அதற்கு வெகு கீழே. எண்ணைவிட முக்கியமாக அவருக்குச் சொல்லப்பட்டது வேறு: பசி அற்றுப்போதல், விடாத குமட்டல், காரணமில்லாத அசதி, தேநீர் நிறத்தில் சிறுநீர், வெளுத்த மலம், உடல் அரிப்பு, கண் மஞ்சளித்தல் ஆகியவற்றில் எது வந்தாலும், அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே வந்து இரத்தம் கொடுக்க வேண்டும்.

அவரை நிறுத்தியது கல்லீரல் அன்று. எட்டாம் வாரத்தில் சாம்பாரில் உப்புக் கரிக்கிறது என்று சாப்பிட வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவர் சுவைத்துப் பார்த்தார், சப்பென்று இருந்தது. சுவையுணர்வு மங்குவது டெர்பினாபைனின் அறிந்த பக்கவிளைவு. நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலும் மீளும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும், அரிதாக மீளாமலும் போகும். பிறருக்கு இது ஒரு தொல்லை. நாக்கை நம்பிப் பிழைக்கும் ஒருவருக்கு இது வேறு. மருத்துவர் 56 மாத்திரைகளோடு நிறுத்தினார். மருந்து நகத்தில் மேலும் சில மாதங்கள் தங்கியிருக்கும் என்பது அவர் கணக்கு.

நல்ல நகத்துக்கும் கெட்டதற்கும் இடையே முதல் நாளிலேயே ஒரு கோடு கீறியிருந்தார்கள். பெருவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவே வளரும். அதனால் மாத்திரை முடிந்த நாளில் நகம் அழகாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். கோட்டுக்குப் பின்னால் தெளிவான நகம் வருகிறதா, கெட்ட பகுதி கோட்டைத் தாண்டிப் பின்னேறுகிறதா என்பதே கேள்வி. ஆறு மாதத்தில் கோடு நுனியை நோக்கி நகர்ந்திருந்தது. பின்னால் வந்த நகம் தெளிவாக இருந்தது. நாக்கு பத்து வாரத்தில் மீண்டது.

மீதமிருந்த 28 மாத்திரைகளைத்தான் அவர் செய்யக்கூடாத இடத்தில் சேர்த்தார். சமையற்கட்டில் உதவியாளனாக இருந்த இளைஞனுக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை, பரிவோடு கொடுத்துவிட்டார். அவன் பத்து நாள் விழுங்கினான். ஒன்றும் குறையவில்லை. இந்தியாவெங்கும் பரவியுள்ள டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்னும் பூஞ்சையில், டெர்பினாபைன் தாக்கும் அந்த நொதியே பல இடங்களில் மாறிப்போயிருக்கிறது. மருந்து வந்து சேர்ந்தும் பிடிக்க ஒன்றும் அகப்படுவதில்லை. போதாததற்கு அவன் பூசியது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. அது அரிப்பை அடக்கி, தோலின் எதிர்ப்பையும் அடக்கி, வளையத்தின் விளிம்பை மங்கச் செய்து, நோயை அகலப் படரவிடும். அதே மருத்துவரிடம் அவன் போனபோதுதான் முதன்முறையாக இரத்தம் எடுக்கப்பட்டது. எஸ்ஜிபிடி 96, ஹெபடைட்டிஸ் பி இருந்தது, அவனுக்கே தெரியாமல். இட்ராகொனசோலுக்கு மாறலாம் என்றால் அதுவும் கல்லீரலைத் தொடும் மருந்து. ஆகவே மாத்திரை எதுவும் இல்லாமல், ஸ்டீராய்டு கலவாத பூஞ்சைக் களிம்பை மட்டும், வளையத்துக்கு வெளியே இரண்டு விரல் அகலம் வரை பூசச் சொல்லி, அவனை முதலில் கல்லீரல் பிரிவுக்கு அனுப்பினார்.