டிரான்ஸ்ஃபர் ஆர்டரின் தேதி

புகார் கொடுத்தவரை மறுநாளே வேலையை விட்டுத் தூக்கும் நிறுவனங்கள் குறைவு. பெரும்பாலும் நடப்பது வேறு. ஷிஃப்ட் மாறும். வழக்கமாகக் கிடைத்த ஓ.டி. நின்றுபோகும். வாராந்தரக் கூட்டத்துக்கு வரும் மெயிலில் பெயர் விடுபடும். வருட முடிவில் அப்ரைசல் ஒரு படி இறங்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு நியாயமான காரணம் சொல்லிவிடலாம் என்பதால்தான் பழிவாங்க நினைப்பவர்கள் இவற்றை எடுக்கிறார்கள். உற்பத்தி நிறுவனங்களில் உள்ளே வரும் புகார்களை விசாரிக்கும் பொறுப்பில் வெகுகாலம் இருந்திருக்கிறேன். புகாரில் உண்மை இருக்கிறதா என்று பார்ப்பது இந்த வேலையின் சுலபமான பாதி. எழுதிக் கொடுத்தவர் அடுத்த ஒரு வருடத்தை எப்படிக் கடக்கிறார் என்று பார்த்துக்கொள்வது கடினமான பாதி.

2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 177ஆம் பிரிவு, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் உள்புகார் ஏற்பாடு ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்கிறது. பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் நிறுவனங்களும், வங்கிகளிடமும் பொது நிதி நிறுவனங்களிடமும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கியவையும் இதற்குள் வருகின்றன. புகார் கொடுத்தவர் பழிவாங்கப்படாமல் இருக்கப் போதிய பாதுகாப்பு வேண்டும், தேவையான நேரத்தில் அவர் தணிக்கைக் குழுத் தலைவரை நேரடியாக அணுக வழி வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் பழிவாங்கப்பட்டவருக்கு வேலையை மீட்டுத் தரும் நீதிமன்றம் எது என்று அது சொல்வதில்லை.

சட்டப்படி 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருபவருக்கு ஓர் ஆதரவு உண்டு. பழிவாங்கும் பணிநீக்கமும் கெட்ட நோக்கத்தோடு செய்யும் இடமாற்றமும் தொழிலுறவுச் சட்டத்தில் நியாயமற்ற தொழில் நடைமுறைகளின் பட்டியலில் இருக்கின்றன. மேனேஜர் நிலையில் இருப்பவர் அந்த வரையறைக்கு வெளியே போய்விடுகிறார். அவர் சிவில் கோர்ட்டுக்குப் போனாலும், தனியார் வேலையில் இழப்பீடு கிடைக்கலாமே தவிர அந்த நாற்காலி திரும்பக் கிடைப்பது அரிது. 2014இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புகாரளிப்போர் பாதுகாப்புச் சட்டம் அரசு ஊழியர்களின் முறைகேடுகளைப் பற்றியது. அதுவும் நடைமுறைக்கு வராமலே கிடக்கிறது. ஆகவே தனியார் ஆலையில் ஒருவரைக் காப்பாற்றப்போவது அந்த ஆலைக்குள்ளேயே இருக்கும் காகிதங்கள்தான். அவற்றை எப்போது கையில் எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு வாகன உதிரிபாக ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். பிரஸ் ஷாப்பில் தகடு வெட்டும் பவர் பிரஸ்களின் முன்னால் லைட் கர்ட்டன் என்று ஒன்று இருக்கும். இரண்டு கம்பங்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் ஓடும். ஆபரேட்டரின் கை அதைக் குறுக்கிட்டால் மேலிருந்து இறங்கும் ராம் உடனே நின்றுவிட வேண்டும். எண்ணெயும் தூசியும் லென்ஸில் படிந்தாலோ, அதிர்வில் கம்பம் லேசாகத் திரும்பினாலோ, கை குறுக்கிடாமலே மெஷின் நிற்கும். ஷிஃப்டுக்கு இத்தனை பீஸ் என்று கணக்கு இருக்கும் இடத்தில் இது பெரிய தொல்லை. கர்ட்டனிலிருந்து ரிலேவுக்குப் போகும் இணைப்பில் ஒரு சின்ன ஜம்பர் வயரைப் போட்டால் தொல்லை தீர்ந்துவிடும். கம்பத்தில் விளக்கு பச்சை, சிவப்பு என்று மாறிக்கொண்டே இருக்கும். ராம் மட்டும் எதற்கும் நிற்காது. ஷிஃப்ட் ஆரம்பத்தில் நிரப்பும் செக்‌ஷீட்டில் 'லைட் கர்ட்டன்: ஓகே' என்று தினமும் டிக் விழுந்துகொண்டிருக்கும். வாடிக்கையாளரின் ஆடிட்டர் வந்தால் பார்ப்பது அந்த டிக்கைத்தான்.

மெயின்டனன்ஸ் பிரிவின் இளம் இன்ஜினியர் ஒருவர் அந்த வயரைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். பேனலைத் திறந்து போனில் படமும் எடுத்திருந்தார்.

"மேடம், பேர் போடாம எழுதிக் கொடுத்தா போதுமா?"

"போதும் தம்பி. ஆனா அந்தப் பேனல் சாவி எத்தனை பேர்கிட்ட இருக்கு?"

"மூணு பேர்கிட்ட."

பெயரில்லாத புகார் என்பது பல நேரம் இந்த அளவுக்குத்தான் பெயரில்லாதது. விஷயமே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் அவருடைய கடிதத்தை வைத்து விசாரணையைத் தொடங்கவில்லை. எல்லா லைன்களிலும் எல்லா பிரஸ்களிலும் பாதுகாப்புக் கருவிகளைச் சோதிக்க வேறு ஆலையின் பாதுகாப்பு அதிகாரியை வரவழைத்தோம். அவருடைய பட்டியலில் லைட் கர்ட்டன் நடுவில் எங்கோ ஒரு வரி. சோதனைக் கோலைக் கதிருக்குள் நீட்டி ராம் நிற்கிறதா என்று ஒவ்வொரு மெஷினிலும் அவர் பார்த்தார். பைபாஸ் ஒன்றுக்கு மேற்பட்ட பிரஸ்களில் இருந்தது. அறிக்கையில் அவர் எடுத்த படங்கள் மட்டும் போயின. இன்ஜினியர் கொடுத்த படம் என் கோப்பைத் தாண்டவில்லை. அது எடுக்கப்பட்ட கோணத்தைப் பார்த்தாலே பேனலைத் திறந்தவர் யாரென்று தெரிந்துவிடும்.

இந்தச் சோதனைக்கு முன்பே, புகாரைப் பற்றி ஆலையில் ஒருவருக்கும் தெரியாத நேரத்தில், செய்து முடித்த வேலை ஒன்று உண்டு. அந்தப் பிரிவிலிருந்த அத்தனை பேருடைய மூன்று வருட அப்ரைசல், ஷிஃப்ட் பட்டியல், ஓ.டி. பதிவேடு, லீவு கணக்கு, கான்ட்ராக்டர் கொடுத்த ஆள் பட்டியல் எல்லாவற்றையும் நகல் எடுத்து, தேதியோடு தணிக்கைக் குழுத் தலைவருக்கு மெயிலில் அனுப்பினேன். ஒருவருடைய கோப்பை மட்டும் கேட்டால், கேட்ட அன்றே எச்.ஆர். பிரிவில் பேச்சு கிளம்பிவிடும். பிரிவு முழுவதையும் கேட்டால் ஏதோ ஆடிட் என்று விட்டுவிடுவார்கள். புகாருக்கு முந்தைய நிலை எப்படி இருந்தது என்பதற்கு அந்த மெயிலைவிட நல்ல சாட்சி பிறகு கிடைக்காது. பின்தேதியிட்டு எழுதிய மெமோக்கள் பெரும்பாலும் இந்த நகலுக்கு முன்னால்தான் மாட்டிக்கொள்கின்றன: புகாருக்கு முன்பே கொடுத்ததாகச் சொல்லப்படும் மெமோ, அன்றைக்கு எடுத்த கோப்பின் நகலில் இருக்காது.

ஐந்தாவது வாரம் இன்ஜினியருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தது. வேறு மாநிலத்தில் இருக்கும் ஆலைக்கு. ஒரு வாரத்தில் சேர வேண்டும். ஆலைத் தலைவரைக் கேட்டபோது அது ரொம்ப நாளாகப் பேச்சில் இருந்த மாற்றம்தான், அங்கே ஆள் தேவைப்படுகிறது என்றார். இந்தக் கட்டத்தில் அவர் மனதில் என்ன இருந்தது என்று தோண்டப் போவது வீண். எந்த மேனேஜரும் "ஆமாம், பழிவாங்கினேன்" என்று ஒப்புக்கொள்ளப் போவதில்லை. நான் கேட்பது மூன்று கேள்விகள். இந்த முடிவு முதன்முதலில் எழுத்தில் வந்தது என்றைக்கு? முடிவெடுத்தவருக்கோ அவருக்கு யோசனை சொன்னவருக்கோ புகார் தெரியுமா? இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கு என்ன நடந்தது?

எச்.ஆர். மென்பொருளில் அந்தக் காலியிடம் பதிவானது பாதுகாப்புச் சோதனை முடிந்த பிறகு. ரொம்ப நாள் பேச்சுக்கு ஒரு மெயில்கூட இல்லை. அந்த ஆலை கேட்டிருந்தது ஹைட்ராலிக்ஸ் தெரிந்த ஆள்; இவர் எலெக்ட்ரிகல். அதே பிரிவில் இவருக்கு மூத்த இரண்டு பேர் இடமாற்றத்துக்கான காலத்தைத் தாண்டியும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். நிறுவனத்தின் சொந்த விதிப்படி டிரான்ஸ்ஃபர்கள் அப்ரைசலுக்குப் பிறகு ஏப்ரலில், ஒரு மாத அவகாசத்தோடு போக வேண்டும். இதில் எந்த ஒன்றும் தனியாக எதையும் நிரூபிக்காது. இவை எல்லாம் ஒரே ஆளின் மேல், ஒரே மாதத்தில் வந்து நிற்கும்போது, விளக்கம் சொல்ல வேண்டிய கடமை நிர்வாகத்தின் பக்கம் போய்விடுகிறது. தணிக்கைக் குழுத் தலைவர் ஆர்டரை நிறுத்தினார். ரத்து ஆணையில் 'நிர்வாகக் காரணங்களால்' என்று மட்டும் எழுத வைத்தோம். புகாரைக் குறிப்பிட்டிருந்தால் அந்த ஆணையே அவர் பெயரை ஆலை முழுக்க அறிவித்திருக்கும்.

ஆர்டரில் கையெழுத்துப் போட்ட எச்.ஆர். அதிகாரிக்குப் புகாரைப் பற்றி உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. மேலே இருந்து வந்த குறிப்பை அவர் நம்பினார். தெரியாதவர் எடுத்த முடிவு எப்படிப் பழிவாங்கல் ஆகும் என்று நிர்வாகத் தரப்பு வழக்கறிஞர்கள் தவறாமல் கேட்பார்கள். இதே கேள்வி பிரிட்டனில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ராயல் மெயில் நிறுவனத்தின் ஊழியர் கேம் ஜூட்டி, வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் ஊக்கச் சலுகைகளில் விதிமீறல் நடப்பதாக 2013இல் தன் மேலாளரிடம் எழுத்தில் சொன்னார். அந்த மேலாளர் அவருடைய வேலை சரியில்லை என்று ஒரு கதையைக் கட்டினார். பணிநீக்க முடிவை எடுத்தது வேறோர் அதிகாரி. அவர் அந்தக் கதையை நல்லெண்ணத்தோடு நம்பித்தான் முடிவெடுத்தார். 2019 நவம்பரில் வந்த தீர்ப்பு ஜூட்டிக்குச் சாதகமானது. ஊழியருக்கு மேலே இருக்கும் ஒருவர் உண்மைக் காரணத்தை ஒரு பொய்க் காரணத்துக்குள் ஒளித்து வைத்தால், நீதிமன்றம் அந்தப் பொய்யைத் தாண்டிப் போய் உண்மைக் காரணத்தையே காரணமாக எடுத்துக்கொள்ளும் என்றது. இந்திய நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் உள்விசாரணையில் எனக்கு அது ஒரு வழிகாட்டி: கையெழுத்தோடு நின்றுவிடாமல், கையெழுத்துப் போட்டவரின் மேஜைக்கு அந்தக் குறிப்பு எந்த மேஜையிலிருந்து வந்தது என்று பார்க்கிறேன்.

இந்த வழக்கில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இன்ஜினியர் அல்ல. சோதனையின்போது "ஆமாங்க, கை போனாலும் நிக்காது" என்று பாதுகாப்பு அதிகாரியிடம் வாய் திறந்து சொன்ன இரண்டு ஆபரேட்டர்கள். அந்த மெஷினுக்குள் தினமும் கை நீட்டியவர்கள் அவர்கள்தான். இருவரும் கான்ட்ராக்ட் ஆட்கள். 177ஆம் பிரிவு பேசுவது இயக்குநர்களையும் ஊழியர்களையும் பற்றி. கான்ட்ராக்டரின் சம்பளப் பட்டியலில் இருப்பவர் அந்தச் சொல்லுக்குள் வருகிறாரா என்று வாதம் செய்ய இடம் இருக்கிறது. அவர்களை நீக்க மெமோ வேண்டாம், விசாரணை வேண்டாம். கேட் பாஸைப் புதுப்பிக்காமல் விட்டால் போதும். அடுத்த மாதப் பட்டியலில் அந்த இரண்டு பெயர்களும் இல்லை. ஆள் குறைப்பு என்றார் கான்ட்ராக்டர். முன்பே எடுத்து வைத்த பட்டியலோடு ஒப்பிட்டபோது, அதே மாதம் அதே லைனுக்கு மூன்று புது ஆட்கள் வந்திருந்தார்கள். பெயர்கள் திரும்ப ஏறின. புகார்க் கொள்கையில் 'ஊழியர்கள்' என்று இருந்ததை, 'கான்ட்ராக்ட் தொழிலாளர்கள், பயிற்சியாளர்கள், சாட்சி சொன்னவர்கள்' என்று விரித்து எழுத அதன் பிறகுதான் போர்டு ஒப்புக்கொண்டது. சட்டம் கேட்காவிட்டாலும் ஒவ்வொரு நிறுவனமும் இதைச் செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பாதுகாப்பு என்பது புகார் கொடுத்தவர் என்ன செய்தாலும் கேட்கக்கூடாது என்பதல்ல. இன்னொரு புகாரில், எழுதியவர் அதற்கு முன்பும் பின்பும் சொல்லாமல் லீவு எடுப்பவராக இருந்தார். அதற்கு அவருக்கு மெமோ வந்தது. அதே பிரிவில் அதே அளவு சொல்லாமல் லீவு எடுத்தவர்களுக்கும் அதே மாதிரி மெமோ முன்பே போயிருந்தது பதிவில் தெரிந்ததால் அதை நிற்க விட்டேன். அவர் என் மேல் கோபப்பட்டார். ஆனால் இரண்டாவது தவறுக்கே அவரை சஸ்பெண்ட் செய்ய முயன்றபோது தடுக்க வேண்டியிருந்தது. மற்றவர்களில் ஒருவர்கூட அதற்காக சஸ்பெண்ட் ஆனதில்லை. இரண்டு முடிவுகளும் ஒரே பதிவேட்டிலிருந்து வந்தவை.

பிரஸ் ஷாப் இன்ஜினியரின் கோப்பை அடுத்த அப்ரைசல் முடியும் வரை மூடவில்லை. பிரிவுத் தலைவர் கொடுத்த மதிப்பெண்ணை மட்டுமல்ல, எல்லாப் பிரிவுகளையும் சமன்படுத்தும் கூட்டத்தில் அது மாறியதா என்றும் பார்க்க வேண்டும். கேள்வி கேட்க முடியாத இறக்கம் அங்கேதான் நடக்கும். அவருக்கு முந்தைய வருடங்களின் அளவே கிடைத்தது. அதன் பிறகு அவர் வேறு நிறுவனத்துக்குப் போனார். புதிய இடத்திலிருந்து ரெஃபரன்ஸ் கேட்டு அழைப்பு வந்தால், ஆலையில் யாரும் பேசக்கூடாது, எச்.ஆர். மட்டும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி மூன்றையும் எழுத்தில் தர வேண்டும் என்ற குறிப்பைக் கோப்பில் கடைசித் தாளாக வைத்தேன்.