"எங்கடா போன?"

மேலே உள்ள கேள்வியை மூன்று பேர் கேட்கிறார்கள் என்று வையுங்கள். கினிகத்தேனை பஸ் ஸ்டாண்டில் ஒரு கூட்டாளி நம் தோளில் தட்டிக் கேட்கிறான். சுணங்கி வீட்டுக்கு வந்த மகனிடம் வாப்பா கேட்கிறார். பெரட்டுக்களத்தில் 25 வயது அதிகாரி, 60 வயதுத் தொழிலாளியிடம் கேட்கிறார். முதலாவது பாசம், அடுத்தது சாதாரணம், கடைசி அவமதிப்பு. வசனத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

"டா"தான் மரியாதைக்குறைவு என்றால் மூன்றும் சுட வேண்டுமே? 1996இல் அவமரியாதையைத் தனியாக ஆராய்ந்து எழுதத் தொடங்கிய மொழியியலாளர் ஜொனதன் கல்பெப்பர், சொல்லை மட்டும் பார்க்காமல் கேட்பவரின் எதிர்பார்ப்பையும் பார்க்கச் சொல்கிறார். தன்னை எப்படி நடத்த வேண்டும் என்று ஒருவர் நினைத்திருக்கிறாரோ, அது உடையும்போதுதான் வலிக்கிறது. வாப்பாவிடம் மகன் "நீங்க"வை எதிர்பார்ப்பதில்லை. லயத்தில் எல்லோரும் "தாத்தா" என்றழைக்கும் மனிதருக்கு அந்த எதிர்பார்ப்பு உண்டு. அதுவும் பத்துப் பேர் முன்னால் உடைகிறது.

கூட்டாளியின் "டா" வேறு வகை. மரியாதை தேவைப்படாத அளவு நெருக்கம் என்று இருவருக்கும் தெரியும். அதையே என் மாணவர்கள் முன்னால் சொன்னால் எனக்கும் சுருக்கென்றிருக்கும்.

"பாசமாத்தான் கேட்டேன்" என்று அந்த அதிகாரி சொல்லலாம். பதிலைக் கவனியுங்கள். கூட்டாளிக்கு, "ஒன்னத் தேடித்தாண்டா!" என்று திருப்பிக் கொடுக்கலாம். பெரியவர் சொல்வது: "காய்ச்சலுங்க ஐயா."