நன்றாகத்தான் பூக்கிறது

"மழை வந்துவிட்டது" என்று ஒருவர் சொல்கிறார். பல நாள் காய்ந்து கிடந்த காய்கறித் தோட்டத்தின் நடுவே நின்று சொன்னால் அது ஒரு குரல். கொடியில் துணி காயப்போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்தவர் சொன்னால் அது வேறு குரல். இரண்டிலும் செய்தி ஒன்றுதான். அதைச் சொல்பவரின் மனநிலைதான் வேறு. அந்த மனநிலை குரலில் வெளிப்படுவதையே தொனி என்கிறோம். பேச்சில் அதைக் காது கண்டுபிடித்துவிடும். அச்சிட்ட கவிதையில் குரல் கேட்பதில்லை; சொற்கள் மட்டுமே இருக்கின்றன. ஆகவே, குறுவிடைப் பகுதியில் "இக்கவிதையின் தொனி யாது?" என்று கேட்கும்போது, "எந்தச் சொல்லிலிருந்து அதை அறிந்தாய்?" என்ற இன்னொரு கேள்வியும் அதனுள் ஒளிந்திருக்கிறது.

படிவம் நான்கு மாணவர்களுக்கான ஒரு பயிலரங்கில் இதைப் பயிற்சியாகச் செய்து பார்த்தோம். பாடநூல் கவிதைகளின் விளக்கங்கள் அவர்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். அதனால், அவர்கள் பார்த்திராத ஆறு வரிகளை நானே எழுதிக் கொடுத்தேன். தலைப்பு, 'பாட்டியின் வாளி'.

விடியுமுன் எழுந்த வாளி
வெயிலேறியும் தூங்குகிறது.
அடியில் ஒட்டிய ரப்பர்ப்பால்
காய்ந்த கஞ்சிபோல் உரிகிறது.
அம்மா அதில் ரோசாச் செடி வைத்தாள்;
பூ நன்றாகத்தான் பூக்கிறது.

கேள்வி இதுதான்: இக்கவிதையின் தொனியையும் அதற்குத் துணைநிற்கும் ஒரு படிமத்தையும் சான்றுடன் விளக்குக. நான்கு புள்ளிகள். தொனிக்கு ஒன்று, அதற்கான சான்றுக்கு ஒன்று, படிமத்துக்கு ஒன்று, விளக்கத்துக்கு ஒன்று எனப் பிரித்துக்கொண்டோம்.

முதலில் வந்த விடைகளில் பல இப்படி இருந்தன: "இக்கவிதையின் தொனி சோகம். கவிஞர் உவமை அணியைக் கையாண்டுள்ளார். இது கவிதைக்கு அழகு சேர்க்கிறது." இதில் பிழையான வாக்கியம் ஒன்றும் இல்லை. ஆனால், கவிதையை மறைத்துவிட்டு இந்த விடையை மட்டும் படித்தால், எந்தக் கவிதைக்கு எழுதியது என்று சொல்ல முடியுமா? தாயின் பிரிவைப் பாடும் கவிதைக்கும் இது பொருந்தும். காடு அழிந்ததைப் பாடும் கவிதைக்கும் பொருந்தும். இன்னொரு மாணவர், "பாட்டி இறந்துவிட்டதால் சோகம்" என்று எழுதியிருந்தார். பாட்டி இறந்ததாகக் கவிதையில் எங்கே இருக்கிறது? வாளி ஓய்ந்துவிட்டது என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். பாட்டி அதே ரோசாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கவும் கூடும்.

பிறகு ஒரு மாணவி எழுந்து, "தொனி மகிழ்ச்சி. பூ பூக்கிறதே!" என்றார். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அவர் கவிதையிலிருந்து ஒரு சொல்லைக் கையில் எடுத்திருந்தார். அதனால் அதைச் சோதித்துப் பார்க்கவும் வழி கிடைத்தது.

கடைசி வரியிலிருந்து ஒரே ஓர் இடைச்சொல்லை நீக்கி, இரண்டு வடிவங்களையும் கரும்பலகையில் எழுதினோம்.

பூ நன்றாகப் பூக்கிறது.
பூ நன்றாகத்தான் பூக்கிறது.

இரண்டையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். முதல் வரியைச் சொல்லும்போது குரல் நிறைவாக முடிந்துவிடுகிறது. இரண்டாவது வரியில் அப்படி முடியவில்லை. விருந்துக்குப் போய் வந்தவர், "சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது" என்று சொன்னால், கேட்பவர் உடனே அடுத்து வரப்போகும் 'ஆனால்' என்ற சொல்லுக்குக் காத்திருப்பார். "அவன்தான் செய்தான்" என்னும்போது உறுதியைத் தரும் அதே 'தான்', இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டு இன்னொன்றைச் சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறது. பூ அழகாக இருப்பதைப் பேசுபவர் மறுக்கவில்லை. ஆயினும், அந்த அழகு அவரை முழுவதும் ஆற்றவில்லை.

இப்போது 'சோகம்' என்ற சொல் பெரிய சட்டைபோல் தொளதொளவென்று தெரிந்தது. ஒருவர் 'ஏக்கம்' என்றார். ஏக்கமென்றால் இழந்தது திரும்ப வேண்டும் என்ற ஆசை இருக்க வேண்டும். விடியற்காலை வேலை திரும்ப வர வேண்டும் என்று கவிதையில் யாரும் கேட்கவில்லை. 'எள்ளல்' என்றார் இன்னொருவர். அப்படியானால் அம்மாவைக் குத்திக்காட்டும் ஒரு சொல்லாவது இருக்க வேண்டும். "செடி வைத்தாள்" என்பது வெறும் தகவலாகவே நிற்கிறது. கடைசியில் 'அடங்கிய ஆதங்கம்' என்ற தொடரில் பெரும்பாலோர் ஒத்துப்போனார்கள். மனக்குறை இருக்கிறது, அது வாய்விட்டுச் சொல்லப்படவில்லை.

அடுத்தது படிமம். ஐம்புலன்களில் ஒன்றாலோ பலவற்றாலோ நாம் உணரும்படி சொற்களால் தீட்டப்படுவது படிமம். அணியின் பெயரைச் சொல்வதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பெயரே தவறிப்போவதும் உண்டு. "வாளி தூங்குகிறது" என்பதைத் தற்குறிப்பேற்ற அணி என்று சிலர் எழுதினார்கள். இயல்பாக நடக்கும் ஒன்றுக்குக் கவிஞர் தம் கற்பனையில் ஒரு காரணத்தை ஏற்றிச் சொன்னால்தான் அது தற்குறிப்பேற்றம். இங்கே காரணம் ஏதும் சொல்லப்படவில்லை. உயிரற்ற பொருளுக்கு மனிதரின் செயல் தரப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

"காய்ந்த கஞ்சிபோல்" என்ற உவமையைப் பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தனர். தோட்டத்தைப் பார்த்திராத நகரத்து மாணவர்களுக்காக ஒரு செய்தி சொல்ல வேண்டியிருந்தது. விடியற்காலைக் குளிர்ச்சியில் மரத்தில் பால் நன்றாகச் சுரக்கும். அதனால் மரம் சீவுவோர் இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறி, மங்குகளில் பால் வடிந்தபின் அதை வாளியில் சேர்ப்பார்கள். 'விடியுமுன்' என்ற சொல்லின் கனம் இதைத் தெரிந்தால்தான் புரியும். வாளியில் மிஞ்சிய பால் காய்ந்தால் தோல்போல் உரிந்து வரும்.

"பானையில் கஞ்சி காய்ந்தாலும் அப்படித்தான் உரியும், நான் கழுவியிருக்கிறேன்" என்றார் பின்வரிசை மாணவர் ஒருவர். அது கண்ணுக்கும் விரலுக்கும் தெரியும் ஒற்றுமை. பாட்டியின் வீட்டில் கஞ்சி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "அந்தப் பாலிலிருந்துதான்" என்றார். மூன்று தலைமுறையின் பசியை ஆற்றிய வாளி என்றெல்லாம் இதை நீட்டக் கூடாது. மூன்று தலைமுறை என்பதற்குக் கவிதையில் சான்றில்லை. பாலும் கஞ்சியும் ஒன்றுக்கொன்று உறவுடையவை என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அந்த மாணவரும் அவருடைய குழுவினரும் இறுதியில் எழுதிய விடை இது:

"இக்கவிதையின் தொனி அடங்கிய ஆதங்கம். 'நன்றாகத்தான்' என்ற சொல் பூவின் அழகை ஒப்புக்கொண்டாலும், சொல்லாத ஒரு மனக்குறையைக் காட்டுகிறது. காய்ந்த ரப்பர்ப்பால் 'காய்ந்த கஞ்சிபோல்' உரிவதாகக் கவிஞர் காட்சியும் தொடுவுணர்வும் கலந்த படிமத்தைத் தருகிறார். குடும்பத்துக்குச் சோறு போட்ட உழைப்பு இன்று வெறும் கறையாக எஞ்சியிருப்பதை இப்படிமம் உணர்த்துவதால், அந்த ஆதங்கம் வலுப்பெறுகிறது."

நான்கே வாக்கியங்கள். வரி முழுவதையும் பெயர்த்து எழுதாமல், வேண்டிய சொல்லை மட்டும் மேற்கோள் குறிக்குள் வைத்திருக்கிறார்கள். கடைசி வாக்கியத்தில் படிமத்தைத் தொனியோடு இணைத்தும் இருக்கிறார்கள். அந்த இணைப்பு இல்லாமல் இரண்டையும் தனித்தனியே எழுதியவர்கள்தாம் பெரும்பாலும் விளக்கத்துக்கான புள்ளியை இழந்தார்கள்.

"நீங்கள் என்ன நினைத்து எழுதினீர்கள்?" என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். நான் சொல்லவில்லை. தேர்வு மண்டபத்தில் கவிஞர் பக்கத்தில் வந்து உட்காரப்போவதில்லை.

மகிழ்ச்சி என்று சொன்ன மாணவி கடைசிவரை முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை. தொனியை 'ஆறுதல்' என்று மாற்றிக்கொண்டார். "வைத்தாள்" என்பது இறந்தகாலம், "பூக்கிறது" நிகழ்காலம்; செடி வைத்ததோடு நின்றுவிடாமல் வாளி இன்னும் ஒன்றை வளர்த்துக்கொண்டிருக்கிறது என்று எழுதினார். 'தான்' என்ற சொல்லையும் அவர் ஒதுக்கவில்லை. தயங்கித் தயங்கி வரும் ஆறுதல் என்று அதற்கு இடம் கொடுத்திருந்தார். அந்த விடைக்கும் நான்கு புள்ளிகள் கொடுத்தேன்.