குடத்தில் தெரிவது யார் வீட்டுச் சுவர்?

எவர்சில்வர் குடத்துக்கென்று சொந்தமாக ஒரு நிறம் கிடையாது. மண்பானையை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அதன் செம்மண் நிறம் தெரியும். அதன்மேல் விழும் ஒளி நாலாபுறமும் சிதறுவதே காரணம். மெருகேற்றிய எஃகில் அப்படிச் சிதறல் இல்லை. ஒளி எந்தக் கோணத்தில் வந்து விழுகிறதோ அதே கோணத்தில் மறுபக்கம் திரும்பிப் போகிறது. ஆகவே குடத்தைப் படம் எடுக்கும்போது நாம் எடுப்பது குடத்தை அல்ல, அதைச் சுற்றியிருக்கும் அறையை. ஜன்னல் கம்பி, ட்யூப்லைட், மேலே சுற்றும் ஃபேன், கேமராவோடு நிற்கும் ஆள் எல்லாமே அதில் வளைந்து நெளிந்து உட்கார்ந்திருக்கும்.

பாத்திரக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். "அந்தக் கிளேர் மட்டும் வராம எடுத்துக் கொடுங்க" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். பிரதிபலிப்பே இல்லாத எவர்சில்வர் உலகத்தில் இல்லை. அதில் எது தெரியவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

பாத்திரத்தின் வடிவம் இதில் முக்கியம். சாப்பாட்டுத் தட்டு சமமான கண்ணாடி மாதிரி. கொஞ்சம் சாய்த்து வைத்தால் கேமரா அதிலிருந்து விலகிவிடும். நேராக நிற்கும் டம்ளர் என்றால் கேமராவை உயர்த்தி, சற்றே கீழ்நோக்கிப் பார்க்கவேண்டும். அதன் முன்பக்கத்தில் அப்போது தெரிவது மேஜைப் பரப்பு. மேஜையில் வெள்ளைத் தாளை முன்னால் வரைக்கும் நீட்டி விரித்துவிட்டால் போதும். குடம்தான் கஷ்டம். அதன் உருண்ட வயிற்றில் ஏதாவது ஓரிடம் எப்போதும் கேமராவை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கும். அறையில் ஏறக்குறைய எல்லாமே அந்த வயிற்றுக்குள் அடங்கிவிடும்.

ஒரு கடைக்காக ஒன்றேகால் அடி உயரக் குடம் ஒன்றைப் படம் எடுத்த விதத்தைச் சொல்கிறேன். முதலில் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, அதன்பிறகு பருத்திக் கையுறை போட்டுத்தான் தொட்டேன். கைரேகை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் படத்தில் எண்ணெய்க் கறையாக வந்து நிற்கும். சுவரிலிருந்து நான்கைந்து அடி தள்ளி மேஜையைப் போட்டு, அறையின் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டேன். ட்யூப்லைட் ஒன்று எரிந்தாலும் குடத்தின் தோளில் வெள்ளைக் கோடாக விழும், நிறமும் மாறிப்போகும்.

கேமரா குடத்திலிருந்து ஆறடி தூரத்தில், முக்காலியில். லென்ஸ் 100 மி.மீ. தூரமாகப் போகப் போகக் குடத்தில் கேமராவின் உருவம் சிறுத்துக்கொண்டே போகும் என்பதுதான் இதன் பயன். செல்ஃபோனில் எடுப்பவர்களும் பக்கத்தில் போய் எடுக்காமல், பின்னால் தள்ளி நின்று 2x அல்லது 3x லென்ஸில் எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்து, குடத்தின் இரண்டு பக்கமும் ட்ரேசிங் பேப்பரைத் திரை மாதிரிக் கட்டி, கேமரா வரைக்கும் குறுகிக்கொண்டே வரும்படி விட்டேன். கழுத்தும் தோளும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், அதனால் மேலேயும் ஒரு தாள். கேமராவுக்கு முன்னால் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட வெள்ளைத் தெர்மோகோல். இடதுபக்கத் திரைக்கு வெளியே இரண்டடி தள்ளி ஒரே ஒரு எல்.இ.டி. விளக்கு. விளக்கு தாளை ஒட்டியிருந்தால் குடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு எரியும், பின்னுக்கு இழுத்தால் அது அகன்று பரவும். அந்த வெளிச்சம் இடதிலிருந்து வலதுக்கு மெல்ல மங்கி இறங்கினால்தான் குடம் உருண்டையாகத் தெரியும். இரண்டு தாள்கள் சேரும் இடத்தை மட்டும் கவனிக்கவேண்டும். அந்த ஒட்டு கறுப்புக் கோடாகக் குடத்தில் விழுந்துவிடும்.

இந்த நிலையில் ஒரு படம் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டினேன். எங்கும் கிளேர் இல்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா சில்வர் மாதிரி இல்லையே, பிளாஸ்டிக் குடம் மாதிரில்ல இருக்கு" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அதைக் காட்டத்தான் அந்தப் படத்தை எடுத்தேன். சுற்றிலும் வெள்ளை மட்டும் இருந்தால் குடமும் வெறும் வெள்ளையாகிவிடும். வெளிச்சமும் இருட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் கண் அதைப் பளபளப்பு என்று ஏற்றுக்கொள்ளும். கடைகளில் கிடைக்கும் வெள்ளைக் கூடாரப் பெட்டிகளில் எடுக்கும் பாத்திரப் படங்கள் பலவும் உயிரில்லாமல் இருப்பது இதனால்தான்.

அதனால் கறுப்புச் சார்ட் அட்டையை இரண்டு அங்குல அகலத்துக்கு வெட்டி, குடத்தின் இரண்டு புறமும் சற்றுப் பின்னால், படத்துக்குள் வராத எல்லையில் நிறுத்தினேன். குடத்தின் விளிம்பு தன் பின்னால் இருப்பதைத்தான் காட்டும். பின்னணி வெள்ளையென்றால் விளிம்பும் வெள்ளையாகி அதில் கரைந்துவிடும். கறுப்புப் பட்டை வந்ததும் வாயிலிருந்து அடிவரைக்கும் பென்சிலால் வரைந்த மாதிரி மெல்லிய இருண்ட கோடு விழுந்தது. "இப்பத்தான் சார் சில்வர்" என்றார் கடைக்காரர்.

பட்டையை எங்கே வைப்பது என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணை லென்ஸ் இருக்கும் இடத்தில் வைத்துக் குடத்தைப் பாருங்கள். உதவிக்கு இருக்கும் தம்பியைக் குடத்தைச் சுற்றிக் கையை மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள். நீங்கள் விரும்பும் இடத்தில் அவர் கை தெரிகிற கணத்தில் நிறுத்தச் சொல்லி, அங்கேயே அட்டையை வையுங்கள். வேண்டாத பிரதிபலிப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவும் இதே வழிதான்.

ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, இரண்டு விநாடி டைமர். டைமரை அமுக்கிவிட்டு நான் தெர்மோகோலுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவேன். இத்தனை செய்தும் குடத்தின் நடுவே லென்ஸ் ஓட்டை ஒரு சிறிய கறும்புள்ளியாகத் தெரியத்தான் செய்தது. அதைக் கணினியில் அழித்தேன். உருண்டைப் பாத்திரத்தில் அதற்கு வேறு வழியில்லை. போலரைசர் ஃபில்டர் போட்டால் போகுமே என்று பலர் கேட்பார்கள். கண்ணாடி, தண்ணீர், வார்னிஷ் மேல் விழும் பிரதிபலிப்பை அது குறைக்கும், வெறும் உலோகத்தில் அதனால் பெரிய பயன் இல்லை. மங்கவைக்கும் ஸ்பிரேயும் விற்பனைக்கு வைக்கும் பாத்திரத்துக்கு ஆகாது.

தங்க வளையலுக்கும் இதே முறைதான், அளவுகள் மட்டும் சிறுக்கும். கல் பதித்த தோட்டில் மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு. பரவிய வெளிச்சத்தில் தங்கம் நன்றாக வரும், கல் செத்துப்போகும். கல் மின்னவேண்டுமானால், திரைக்கு வெளியிலிருந்து ஒரு சிறிய டார்ச் வெளிச்சத்தை நேராகக் கல்லின்மேல் விடவேண்டும்.

சொந்தமாகப் படம் எடுத்து விற்கும் சிறு கடைக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அடுத்த விளக்கு வாங்குமுன் ஒரு சுருள் ட்ரேசிங் பேப்பரும் இரண்டு கறுப்புச் சார்ட்டும் வாங்குங்கள். அதிலும் கறுப்புச் சார்ட்டை மறந்துவிடாதீர்கள்.