வெள்ளம் வடிந்தும் சக்கரத்தில் தங்கிய நீர்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியது. கரையேறிய பிறகும் பல மணி நேரம் நகராமல் அங்கேயே நின்றதால், மறுநாள் காலை எட்டரை வரையிலான 24 மணி நேரத்தில் நகரில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. கிருஷ்ணா நகர் பக்கம் வீடுகளில் சிக்கியவர்களை இராணுவம் வந்து மீட்டது. தண்ணீர் வடிந்த முதல் சில நாட்களில் பட்டறைகளுக்குக் கட்டி இழுத்து வரப்பட்ட வண்டிகள் பெரும்பாலும் எஞ்சினில் தண்ணீர் புகுந்தவை. சக்கரத்துக்குள் தண்ணீர் புகுந்த வண்டிகள் அப்படி வருவதில்லை. அவை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். சில வாரம் கழித்துத்தான் ஊளையிட ஆரம்பிக்கும்.

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு, சக்கரத்துக்குள் தண்ணீர் புகுவதற்கு வாகான இடம். அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி மீன்பிடித் துறைமுகம். பக்கத்திலேயே அலையாத்தி மரங்கள் நிற்கும் கழி. ஐஸும் மீனும் ஏற்றும் சிறு லோடு வண்டிகளும் ஆட்டோக்களும் விடியுமுன்னே வந்து நிற்கும். மழை வெள்ளம் இறங்கி வரும்போது கழியில் ஏற்றம் இருந்தால் தெருவில் நிற்பது வெறும் மழைநீர் அல்ல, உப்பு கலந்த நீர். புயலுக்குப் பின் நான் அங்கே போனபோது, மரப்பாலத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையில் இருந்த ஒரு சிறிய பட்டறையில் ஒரு குட்டி யானை ஜாக்கியில் ஏறி நின்றது. இடது முன்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, மேஸ்திரி இன்னொரு கையை அச்சுப் பட்டையின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சக்கரம் சுற்றும்போது உள்ளே சொரசொரப்பு இருந்தால் அது பட்டை வழியாகக் கைக்குத் தெரியும். காதைவிடக் கையைத்தான் நம்புவேன் என்றார்.

வண்டிக்காரர் இளைஞர். வெள்ளத்தன்று துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு முழங்கால் தண்ணீரில் ஓட்டிப் போயிருக்கிறார். தெருவில் நிறுத்திய வண்டி இரண்டு நாள் தண்ணீரிலேயே நின்றிருக்கிறது. "எஞ்சினுக்குள்ள ஒரு சொட்டுகூடப் போகல அண்ணா, ஏர் ஃபில்டர் காஞ்சிருந்துச்சு" என்று நிம்மதியோடு சொன்னார். மேஸ்திரி சக்கரத்தின் நடுவைக் காட்டினார். "தண்ணி இதுவரைக்கும் வந்துச்சா தம்பி? அதுதான் கேள்வி."

அந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. பேரிங் இருப்பது சக்கரத்தின் மையத்தில். 12 அங்குல ரிம் போட்ட குட்டி யானைக்குத் தரையிலிருந்து மையம் வரை ஒரு சாணுக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 27 செ.மீ. ஆட்டோவுக்கும் பத்து அங்குலச் சக்கரம் கொண்ட ஸ்கூட்டருக்கும் அது 20 செ.மீ.யைச் சுற்றியே வரும். கணுக்காலைத் தாண்டிய தண்ணீர் போதும். முழங்கால் அளவு என்றால் சாதாரணக் காரின் சக்கர மையமும் மூழ்கிவிடும்.

மூழ்கினால்தான் என்ன, ஆயில் சீல் இருக்கிறதே என்று தோன்றும். நானும் அதைத்தான் கேட்டேன். மேஸ்திரி சொன்ன காரணம் பாடப்புத்தகத்தில் இருப்பதேதான்: சூடு. பிரேக் அடித்து அடித்து ஓட்டிய வண்டியின் ஹப் 70 டிகிரி வரை எளிதில் சூடேறும். அந்தச் சூட்டோடு 27 டிகிரித் தண்ணீரில் இறங்கினால் உள்ளே அடைபட்ட காற்று சட்டென்று குளிர்ந்து, அழுத்தம் எட்டில் ஒரு பங்கு குறைகிறது. அந்தக் குறைவு ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் ஆழ நீர் வெளியிலிருந்து தரும் அழுத்தத்துக்குச் சமம். அதாவது முழங்கால் தண்ணீரில் போன வண்டியின் சீல், மார்பளவுத் தண்ணீரில் முங்கியதுபோன்ற பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. சீலின் உதடு கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். படகை டிரெய்லரில் ஏற்றித் தண்ணீருக்குள் இறக்கும் வழக்கமுள்ள நாடுகளில் இதே தொல்லை உண்டு. அங்கே ஸ்பிரிங் வைத்த மூடி ஒன்றை ஹப்பில் பொருத்தி, உள்ளே கிரீஸை எப்போதும் லேசான அழுத்தத்தில் வைத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் வந்த சூடு ஆறட்டும் என்று கரையில் கொஞ்சம் காத்திருந்துவிட்டு இறக்குவதும் அதற்காகவே. வெள்ளத்தில் வீட்டுக்கு ஓடுகிறவருக்கு அந்த அவகாசம் எங்கே இருக்கிறது?

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க வேண்டும். தேய்ந்த டயரும் ஊளையிடும், ஆனால் சிமெண்ட் ரோட்டிலிருந்து தார் ரோட்டுக்கு மாறினால் அதன் சத்தமும் மாறும். பேரிங் ஊளை ரோட்டைப் பார்க்காது, வேகத்தோடு கூடும், வளைவில் மாறும். வண்டியை வலப்பக்கம் ஒடித்தால் பாரம் இடது சக்கரத்தில் விழும். அப்போது சத்தம் கூடினால் இடது பேரிங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்த வண்டியில் அப்படித்தான் இருந்தது.

அடுத்து, ஜாக்கியில் நின்ற வண்டியின் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார்கள். லேசாக 'டக்' என்றது. ஆட்டம் தெரிந்தவுடனே பேரிங் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, கிங் பின் தேய்ந்திருந்தாலும் இதே ஆட்டம்தான். உதவிக்கு இருந்த பையனை ஏறி பிரேக்கை மிதிக்கச் சொன்னார் மேஸ்திரி. மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டது. பிரேக் பிடித்தால் ஹப் அச்சோடு ஒன்றாகி இறுகிவிடுகிறது, அதனால் பேரிங்கில் இருக்கும் ஆட்டம் மறைகிறது. கிங் பின்னில் கோளாறு என்றால் மிதித்தாலும் ஆடும். ஒரு ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் பேரிங்கை மாற்றி, சத்தம் போகாமல் திரும்பி வந்த வண்டிகளைப் பற்றி அவர் வருத்தத்தோடு சொன்னார்.

பிறகு பிரித்தார்கள். கிரீஸ் மூடியைத் தட்டிக் கழற்றி, ஸ்பிலிட் பின்னை நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றியதும் வெளிப் பேரிங் கையில் வந்தது. ஹப்பை இழுத்து, பின்புறம் இருந்த ஆயில் சீலை நெம்பி எடுத்தபோது உள் பேரிங் தெரிந்தது. வெளிப்பக்கக் கிரீஸ் பழுப்பாக, நல்லபடியாகவே இருந்தது. உள்பக்கத்தில் இருந்தது வெளிறிப்போய், நீர்த்த தயிரைப்போல் வழிந்தது. தண்ணீர் கலந்த கிரீஸ் உருளைகளுக்கும் தடத்துக்கும் நடுவே படலமாக நிற்காது, பிதுங்கி விலகிவிடும். பிறகு இரும்போடு இரும்பு உரசும்.

மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடைத்ததும், மேஸ்திரி வெளிவளையத்தை வெளிச்சத்தில் பிடித்து என்னிடம் காட்டினார். அவர்கள் அதைக் கப் என்கிறார்கள், உருளைகளோடு இருக்கும் உள்பகுதியைக் கோன். கப்பின் பளபளப்பான தடத்தில், ஒரு பக்கமாக மட்டும், ஒரே இடைவெளியில் நாலைந்து மங்கிய கோடுகள். கோனை வைத்துப் பார்த்தால் உருளைகளின் இடைவெளியும் கோடுகளின் இடைவெளியும் ஒன்றாக இருந்தன. ஓடும்போது வந்த தேய்மானம் இல்லை இது. அந்த இரண்டு நாள் அசையாமல் நின்றபோது, பாரம் தாங்கிய ஒவ்வொரு உருளையும் தடத்தைத் தொட்ட இடத்தில் உப்புநீர் தங்கி அரித்த துரு. விரல் நகத்தை அதன் மேல் ஓட்டினேன், ஒவ்வொரு கோட்டிலும் நகம் தட்டியது. நகம் தட்டினால் அந்தப் பேரிங் தேறாது. புதுக் கிரீஸ் வைத்தால் சில நாள் சத்தம் அடங்கும், அந்தக் குழிகளின் ஓரம் பெயர்ந்து மறுபடி கிளம்பும்.

வெள்ளத்துக்கு அடுத்த நாட்களிலேயே பிரித்திருந்தால்? கழுவி, புதுச் சீலும் புதுக் கிரீஸும் போட்டு அதே பேரிங்கை மாட்டியிருக்கலாம் என்றார். வண்டிக்காரர் பதில் சொல்லவில்லை. சத்தமே வராத சக்கரத்தைக் காசு கொடுத்துப் பிரிக்க யாருக்கும் மனசு வராது என்பதும் உண்மை. ஆனால் மூழ்கிய சக்கரத்துக்குச் சரியான நேரம் அதுதான், சத்தம் வருவதற்கு முந்திய நேரம்.

புதிதாகப் போடும்போது கப்பையும் கோனையும் ஜோடியாக மாற்றினார்கள். பழைய கப்பில் புதுக் கோன் வைப்பது காசு மிச்சம்போலத் தெரியும், பழைய குழிகள் புது உருளைகளைத் தின்றுவிடும். கழுவிய பேரிங்கைக் கம்ப்ரஸர் காற்றால் சுழலவிட்டுக் காயவைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது ஆபத்து. கிரீஸ் இல்லாமல் அந்த வேகத்தில் சுழன்றால் தடம் கீறும், உருளை தெறித்து முகத்தில் அடிக்கவும் கூடும். இங்கே பையன் உள்ளங்கையில் ஏபி 3 கிரீஸை வைத்து, கோனின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் உருளைகளுக்கு நடுவே கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை ஏற்றினான். ஹப்பின் குழியை முழுக்க நிரப்பவில்லை. நிரப்பினால் சூடேறி விரியும் கிரீஸ் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக்கில் இறங்கும்.

நட்டை முறுக்குவதுதான் கைத்தொழிலின் நுட்பமான இடம். ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, உருளைகள் தடத்தில் உட்கார்ந்ததும் தளர்த்தி, மறுபடி கைப்பிடி அளவுக்கு முறுக்கி, அருகிலுள்ள துளைக்குப் பின்னே விட்டு, புது ஸ்பிலிட் பின் போட்டார் மேஸ்திரி. இறுக்கம் அதிகமானால் பேரிங் நீலம் பாரித்து வேகும். தளர்ந்தால் உருளைகள் அடிவாங்கும்.

டயரையும் விடவில்லை. கழற்றிப் போட்ட சக்கரத்தைத் திருப்பியபோது, உள்பக்கச் சுவரில் எலுமிச்சையளவு வீக்கம் இருந்தது. தண்ணீருக்குள் மறைந்திருந்த ஏதோ ஒரு பள்ளத்தில் ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவே டயர் நசுங்கி, உள்ளே நூலிழைகள் அறுந்திருக்கின்றன. ரப்பர் மட்டும் காற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. இதற்கு ஒட்டு கிடையாது, டயரை மாற்றியே ஆக வேண்டும். சக்கரம் வண்டியில் இருக்கும்போது வெளியே நின்று பார்க்கிற யாருக்கும் இது தெரிந்திருக்காது. ரிம்மின் உள்வளைவில் காய்ந்து ஒட்டியிருந்த சேற்றையும் சுரண்டி எடுத்தார்கள். அதை எடுக்காமல் பாலன்சிங் பார்த்தால் எடைக்கட்டி சேற்றுக்குத்தான் வைக்கப்படும், சேறு உதிர்ந்த அன்று ஸ்டீயரிங் உதறும்.

சீல் வைத்து மூடிய ஹப் உள்ள புதிய கார்களில் இந்தக் கழுவல், கிரீஸ் எதுவும் நடக்காது. சத்தம் வந்தால் மாற்ற வேண்டியதுதான், அதுவும் பிரஸ்ஸில் வைத்துத்தான், சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது. ஸ்கூட்டர்க்காரர்கள் பேரிங் வாங்கும்போது எண்ணுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க வேண்டும். ZZ என்றால் இருபக்கமும் தகர மூடி, அது தூசியை மறைக்குமே தவிரத் தண்ணீரைத் தடுக்காது. 2RS என்றால் உள்வளையத்தைத் தொட்டு நிற்கும் ரப்பர் சீல். இந்த ஊருக்கு இரண்டாவதே பொருத்தம்.

வண்டியை இறக்கி மரப்பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம் ஓட்டிவரச் சொன்னார்கள். திரும்பி வந்ததும் மேஸ்திரி இரண்டு முன் ஹப்பிலும் மாறி மாறிக் கை வைத்தார். இரண்டும் ஒரே அளவு வெதுவெதுப்பு. நட்டைப் பிறகு ஒருமுறை பார்க்க வேண்டும், வாரக் கடைசியில் வா என்றார். "பின்னாடி சக்கரம் சரியாத்தானே இருக்குது அண்ணா?" என்றார் வண்டிக்காரர். மேஸ்திரி வண்டிக்கு அடியில் நகர்ந்து, டிஃபரன்ஷியல் பெட்டியின் மூச்சுத்துளையைத் துடைத்துப் பார்த்தார். அதுவும் அதே தண்ணீரில் இரண்டு நாள் முங்கியிருந்ததுதான். நிரப்பும் துளையின் போல்ட்டைத் தளர்த்தி விரலை விட்டு எடுத்தார். கியர் ஆயில் வெளுத்திருந்தது. பையன் வடிகட்டும் தட்டை எடுத்து வந்தான்.