பழநிப் பயணமும் பேரப்பிள்ளைகளும்

ஞானப்பழம் கிடைக்காத சினத்தில் இளைய மைந்தன் கயிலையை விட்டு வந்து நின்ற தலம் பழநி. போட்டி வைத்தவர்களும் தாய் தந்தையரே. பின்னர் மலையேறி வந்து, பழமே நீதான் என்று சமாதானம் கூறியவர்களும் அவர்களே. அந்தப் பழநிக்கு இன்று பேரப்பிள்ளைகளை அழைத்துச் செல்லும் குடும்பங்களில், பதின்பருவத்துப் பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓர் ஓரமாக வருவதைக் காண்கிறோம். பல வேளைகளில் அதற்குக் காரணம் பக்திக் குறைவு அன்று. நாள், வண்டி, தங்குமிடம், உணவு என யாவற்றையும் பெரியவர்கள் முடிவு செய்தபின், "கிளம்பு" என்ற ஒரு சொல் மட்டுமே அப்பிள்ளையின் பங்குக்கு வருகிறது.

போத்தனூரில் ஒரு குடும்பம் இதை வேறு விதமாகச் செய்து பார்த்தது. பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள், பதினாறு வயதுப் பேரன், பதின்மூன்று வயதுப் பேத்தி என ஆறு பேர். போத்தனூர் – பொள்ளாச்சி இருப்புப்பாதை 2017இல் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டபின், வீட்டருகே ரயில் ஏறிப் பழநியில் இறங்க முடிகிறது. மூன்று நாள் பயணம் என்று முடிவாயிற்று.

முதலில் பெரியவர் ஒரு தாளில் மாற்றக் கூடாதவற்றை மட்டும் எழுதினார். பழநியில் ஒரு தரிசனம். பாட்டியின் முழங்கால் வலி காரணமாக அவர் படி ஏறலாகாது. மொத்தச் செலவு இவ்வளவு. மூன்றாம் நாள் இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும். இந்த நான்கைத் தவிர மற்றவை பிள்ளைகளின் முடிவு என்றார். தரிசனம் முடிந்தபின் மூன்றாம் நாள் எங்கே போவது என்பதற்கு மூன்று இடங்களைச் சொன்னார்: கொடைக்கானல், மதுரை, உடுமலையை அடுத்த திருமூர்த்தி மலை.

பேரன் உடனே, "எங்க போனாலும் சரிங்க அப்பாரு" என்றான். இந்தப் பதிலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். முன்பு தான் சொன்னது எதுவும் நடக்கவில்லை என்பதால் பிள்ளை வாயை மூடிக்கொண்டதற்கு அது அடையாளம். பெரியவருக்கு அது புரிந்தது. தமக்கு மதுரையில்தான் விருப்பம் என்பதை அவர் காட்டிக்கொள்ளவில்லை. மூன்றில் எதைச் சொன்னாலும் ஏற்கத் தாம் ஆயத்தமாக இருந்தால்தான் அதைப் பட்டியலில் வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. "நீங்க ரெண்டு பேரும் பேசி, ஞாயித்துக்கிழமை சொல்லுங்க" என்று விட்டுவிட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பேத்தி ஒரு குறிப்போடு வந்தாள். கொடைக்கானலுக்கு வண்டியில் செல்ல 2024 முதல் இ-பாஸ் பெற வேண்டும், மலைப்பாதையில் அப்பத்தாவுக்குத் தலை சுற்றும். மதுரைக்குப் போனால் அன்றிரவே திரும்புவது கடினம். ஆகவே திருமூர்த்தி மலை, அங்குள்ள பஞ்சலிங்க அருவி. மலையில் மழை பெய்தால் அருவிக்குச் செல்லத் தடை விதிப்பார்கள் என்பதையும் அவளே கண்டறிந்து, அப்படியானால் அமராவதி அணையின் முதலைப் பண்ணை என்று மாற்று இடமும் எழுதியிருந்தாள்.

அடுத்தது பொறுப்பு. பையைத் தூக்குவதும் பாட்டிக்குத் தண்ணீர் கொடுப்பதும் ஏவல். பிள்ளை செய்யாவிட்டால் அடுத்தவர் செய்துவிடுவார். அவனோ அவளோ செய்யாவிட்டால் காரியம் நின்றுபோகும் என்பதே பொறுப்பு. மலையேற்றத்தைப் பேரனிடமும் பணத்தைப் பேத்தியிடமும் ஒப்படைத்தார்கள்.

மலையேற்றம் எளிதான கணக்கு அன்று. பேரனும் அவன் தந்தையும் படிப்பாதையில் ஏற விரும்பினர். மற்றவர்களுக்கு ரோப் காரோ வின்ச்சோ வேண்டும். காற்று பலமாக வீசினாலும் பராமரிப்பு நாளிலும் ரோப் கார் ஓடாது, அப்போது வின்ச்தான். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. 2023 அக்டோபர் முதல் பழநி மலைக்கோயிலுக்குக் கைப்பேசி கொண்டுசெல்லத் தடை. அடிவாரத்தில் கட்டணம் செலுத்தி ஒப்படைக்கலாம். ஆனால் ஒப்படைத்த இடத்திற்கே திரும்பி வந்து பெற வேண்டும். இரு பிரிவாக ஏறுகிறவர்கள் மேலே ஒருவரையொருவர் அழைக்கவும் இயலாது.

பேரன் யோசித்து ஓர் ஏற்பாடு செய்தான். கைப்பேசிகள் அனைத்தையும் தங்கும் அறையிலேயே வைத்துப் பூட்டிவிடுவது. அன்று ரோப் கார் ஓடுகிறதா என்று அடிவாரத்தில் விசாரித்துவிட்டே பிரிவது. ஏறியவர்கள் மேல் நிலையத்தின் வாயிலில் காத்திருப்பது. எவர் முன்னால் வந்தாலும் மற்றவர் வரும்வரை அந்த இடத்தை விட்டு அகலாதிருப்பது. நேரம் பார்க்க அப்பாருவின் கைக்கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டான். கைப்பேசி இல்லாமல் மலையேற வேண்டும் என்று பெரியவர் சொல்லியிருந்தால் முணுமுணுத்திருப்பான். ஏற்பாடு தன்னுடையது என்பதால் அவனே மற்றவர்களின் கைப்பேசிகளைக் கேட்டு வாங்கிப் பூட்டினான்.

எழும் நேரத்திலும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பதின்பருவத்தில் உடலின் தூக்க நேரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இரவு சீக்கிரம் உறக்கம் வராது, விடியலில் விழிப்பும் வராது. இதைச் சோம்பல் என்று கடிந்துகொள்வதில் பயனில்லை. தரிசன நாளில் மட்டும் அதிகாலை நான்கு மணி, மூன்றாம் நாள் எட்டு மணிவரை எவரும் எழுப்பக் கூடாது என்று பேசி முடித்தார்கள். இரு தரப்பும் சொல் காத்தன.

பணத்தில்தான் சோதனை வந்தது. பயணக் கட்டணம், அறை வாடகை, மூன்றாம் நாள் வாடகைக் கார் ஆகியவற்றைப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டனர். உணவு, ஆட்டோ, நுழைவுக் கட்டணம், வாங்கும் பொருள் ஆகியவற்றுக்கு 4,500 ரூபாய் பேத்தியின் கையில் தரப்பட்டது, நாளொன்றுக்கு 1,500. முதல் நாளே 1,950 செலவாயிற்று. அடிவாரக் கடைகளில் வாங்கிய பொம்மையும் வளையலும் அதில் சேர்த்தி. இரவு நோட்டில் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேத்தியின் முகம் வாடியது. பாட்டி மடியிலிருந்து பணம் எடுக்கப் போனார். பெரியவர் கண்ணால் தடுத்தார். குறையை நாம் நிரப்பிவிட்டால், கையில் கொடுத்த பணம் விளையாட்டுக் காசாகிவிடும். மருந்துக்கும் அவசரத்துக்கும் என அவர் தனியாக எடுத்து வைத்திருந்த தொகையை எவரும் தொடவில்லை.

மீதி 2,550, இரண்டு நாளுக்கு நாளொன்றுக்கு 1,275. அண்ணனும் தங்கையும் கலந்து பேசி, பெரிய உணவகத்துக்குப் பதில் சிறிய மெஸ்ஸில் சிற்றுண்டி என்று முடிவு செய்தனர். பஞ்சாமிர்தத்தை மட்டும் குறைக்கவில்லை. அது 2019இல் புவிசார் குறியீடு பெற்றது, விருப்பாட்சி மலை வாழைப்பழத்தில் ஆவது என்று பேரன் எல்லோருக்கும் விளக்கினான்.

மூன்றாம் நாள் திருமூர்த்தி மலையில் அருவிக்குத் தடை. முந்தைய இரவு மலையில் பெய்த மழை. பெரியவர் வாய் திறக்கவில்லை. அமணலிங்கேசுவரரைத் தரிசித்துவிட்டு மண்டபத்தில் அமர்ந்திருந்தார். பேத்தி தன் குறிப்பைப் பார்த்து, ஓட்டுநரிடம் அமராவதிக்கு வழி சொன்னாள். முதலைப் பண்ணையில் அனைவரையும்விட அதிக நேரம் நின்று பார்த்தவர் பாட்டிதான்.

இதற்கு எல்லையும் உண்டு. மருந்து, நீர்நிலை, இரவுப் பயணம் ஆகியவற்றில் முடிவு பெரியவர்களுடையதே. அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இடையில் புகுத்தக் கூடாது. முதன்முறையாகத் தொடங்குவோர், ஒரு பகல் பயணத்தில் ஒரு வேளை உணவின் பொறுப்பை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். உணவு சுமாராக இருந்தாலும் குறை கூறாமல் உண்டு எழுவதுதான் அன்றைக்குப் பெரியவர்களின் பங்கு.

உடுமலையிலிருந்து பேருந்தில் திரும்பும்போது நோட்டில் மீதி 85 ரூபாய். அதை அடுத்த பயணத்தின் முதல் வரவாக எழுதி வைத்தாள் பேத்தி. எங்கே போவது என்ற பேச்சைப் பொள்ளாச்சி வருமுன்னே பேரன் தொடங்கிவிட்டான். அவன் பட்டியலில் மதுரையும் இருந்தது.